சீல் பிரிக்காத ஜூஸ்

நவநீதன் தன் அக்கா மலர்க்கொடிக்குச் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தான். கூடவே அறிவுரையும் கொடுத்தான். சிறுநீரகத்தை ஒரு தடவைதான் கொடுக்க முடிந்தது; அறிவுரைக்கு அப்படி ஒரு வரம்பும் இல்லாமல் போனது அக்காவின் கெட்ட நேரம்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் அவன் மருந்தாளுநர். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் வீட்டுக்குப் போகும்முன் மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்வது அவன் வேலை. அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ஆங்கிலப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிற ரகம் இல்லை அவன். ஊருக்குத் தகுந்தபடி சொல்வான். வயல் வேலைக்குப் போகிறவர், சூரணம் சாப்பிடுகிறவர், விரதம் இருக்கிறவர் என்று ஆளுக்கு ஏற்ற பேச்சு அவனிடம் உண்டு. மாற்றுச் சிறுநீரக மருந்தோடு ஒத்துவராத, சாத்துக்குடி இனத்து வெளிநாட்டுப் பழமான கிரேப்ஃப்ரூட்டைப் பற்றி மட்டும் பேசுவதை விட்டுவிட்டான். "பாலக்கரையில எவன் அதைக் குடிக்கப்போறான்" என்று கேட்டு, கம்ப்யூட்டரிலிருந்த நோயாளிக் குறிப்பில் அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே அழித்தவன் அவன். அன்று சக ஊழியர்கள் சிரித்தார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஒரு நாள் காலை அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் இருப்பதற்காக அவள் தினமும் இரண்டு வேளை சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்து, ரத்தத்தில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் ஏறியிருந்தது. இந்த மருந்து குறைந்தால் உடல் சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரக டாக்டர் மெஹ்ரீன் அக்காவிடம் வரிசையாகக் கேட்டார். வேறு மாத்திரை? இல்லை. வயிற்றுப்போக்கு? இல்லை. மாத்திரை போட்ட பிறகு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தீர்களா? இல்லை. "இன்னைக்கு ராத்திரி இந்த மாத்திரை வேண்டாம். நாளையிலேருந்து பாதி டோஸ் போதும். அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம்" என்றார்.

நவநீதன் பயந்துபோனான். பயந்தால் அவன் அழமாட்டான், அடுத்தவரைத் திட்டுவான். ஸ்ரீரங்கத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போகாமல், சாயங்காலம் வண்டியை நேராகப் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்த அக்கா வீட்டுக்கு விட்டான்.

"மாத்திரையை ரெண்டு தடவை போட்டுட்டியா? உண்மையைச் சொல்லு" என்றான் செருப்பைக் கழற்றும்போதே.

"இல்லடா" என்றாள் மலர்க்கொடி.

"மறந்து போட்டிருப்ப."

"மறந்தது எனக்கு எப்படிடா தெரியும்?"

அக்காவின் கணவர் பிச்சைமுத்து, பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டர், இடையில் புகுந்தார். "உட்காருங்க மாப்ள. வந்ததும் வராததுமா எதுக்கு. மொதல்ல ஏதாவது குடிங்க." ஒரு டம்ளரில் இளஞ்சிவப்பாக எதையோ ஊற்றிக் கொடுத்தார்.

நவநீதன் வாங்கிக் குடித்துக்கொண்டே மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது பற்றிப் பேசினான். பாதி டம்ளர் காலியாகும் வரை பேசினான். லேசாகக் கசந்தது. நல்ல கசப்புதான் என்றுகூட நினைத்தான்.

"என்ன மாமா ஜூஸ் இது?"

"நீங்க சொன்னதுதான் மாப்ள. கடையில பிழியற ஜூஸ் ஆகாது, இன்ஃபெக்‌ஷன் வந்துடும், சீல் பிரிக்காததுதான் குடிக்கணும்னீங்க. உங்க அக்காவுக்குச் சுகர் வேற ஏறியிருக்கு, இனிப்பு கூடாதுன்னீங்க. தில்லைநகர் சூப்பர்மார்க்கெட்ல சர்க்கரை சேர்க்காதது இது ஒண்ணுதான் இருந்துச்சு. பத்துப் பதினஞ்சு நாளா தினம் ஒரு டம்ளர் குடிக்கிறா."

அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், பழத்தின் படத்தோடு போட்டிருந்தது. கிரேப்ஃப்ரூட். கையில் டம்ளரோடு அப்படியே நின்றான். கல்லூரியில் இந்தப் பழத்தைப் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் அவன்.

"மாத்திரையோட சேர்த்துக் குடிக்கலை மாப்ள" என்றார் பிச்சைமுத்து, அவன் முகம் போன போக்கைப் பார்த்து. "தண்ணியைத் தவிர எதுவா இருந்தாலும் ரெண்டு மணி நேரம் தள்ளித்தான்னு சொன்னீங்கள்ல. நான் ஆறு மணி நேரம் தள்ளினேன். போன்ல அலாரமே வச்சிருக்கேன்."

இதுவும் அவன் சொன்னதுதான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தள்ளிக் குடிச்சாலும் ஒண்ணுதான் மாமா" என்றான். குரல் இறங்கியிருந்தது. "குடல் சுவர்ல ஒரு நொதி இருக்கு. நாம முழுங்கற மருந்துல பெரும்பகுதியை ரத்தத்துக்குப் போறதுக்கு முன்னாடியே அது சிதைச்சுடும். அப்படி வீணாப் போறதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் டோஸ் குடுக்கறாங்க. இந்தப் பழத்துல இருக்கிற சரக்கு அந்த நொதியையே முடக்கிடும். முடங்கினது திரும்ப எழுந்திரிக்காது. குடல் புதுசாத்தான் செஞ்சுக்கணும். அதுக்கு ஒரு நாள் ஆகும், ரெண்டு மூணு நாள்கூட ஆகும். அதுவரைக்கும் சிதையாம மருந்து அப்படியே உள்ள போகும். தினமும் குடிச்சா நொதி தலை தூக்கவே முடியாது."

"அப்ப என் பிபி மாத்திரை?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

"எல்லா மாத்திரைக்கும் இப்படி ஆகாது. சில பிபி மாத்திரை, சில கொழுப்பு மாத்திரைக்கு ஆகும். உங்களோடதை அப்புறம் பார்க்கறேன்."

மலர்க்கொடி எழுந்துபோய் பெட்டியில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் கொட்டினாள். "சனியன் ஒழிஞ்சுது. இனிமே தொடமாட்டேன். விடு."

விட்டுவிடத்தான் அவனுக்கும் ஆசை. ஜூஸ் போனது, விஷயம் முடிந்தது, யாருக்கும் தெரிய வேண்டாம். அப்படி நினைத்த மறுநொடியே அவனுக்கு ஒன்று உறைத்தது. டாக்டர் பாதியாகக் குறைத்தது, நொதி முடங்கிக் கிடக்கிற குடலுக்கு. ஜூஸை நிறுத்தினால் நொதி திரும்ப வரும். பழையபடி மருந்தைச் சிதைக்கும். அப்போது பாதி டோஸ் எந்த மூலைக்கு? அடுத்த வாரம் பரிசோதனைக்குள் அக்காவின் உடல் அந்தச் சிறுநீரகத்தின் மேல் பாயத் தொடங்கிவிடலாம்.

டாக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும். போனை எடுத்தபின், எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தான். "நோயாளியின் குடும்பத்தார் தவறுதலாக" என்று ஒன்று தோன்றியது. வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. எதிரே பிச்சைமுத்து, தவறு செய்துவிட்ட பையனைப் போலக் கைகட்டி நின்றிருந்தார். அந்த வாக்கியம் அங்கேயே செத்தது.

"டாக்டர், அக்கா கிரேப்ஃப்ரூட் ஜூஸ் குடிச்சிருக்காங்க. நான் சொல்லித்தர்றப்ப அதை விட்டுட்டேன். எல்லாருக்கும் விட்டுட்டேன்."

"ராத்திரி டோஸ் வேண்டாம்ங்கிறது சரிதான்" என்றார் மெஹ்ரீன். "ஆனா அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க முடியாது. நாளன்னைக்குக் காலையில ரத்தம் எடுங்க. லெவல் இறங்க இறங்க டோஸை ஏத்திக்கிட்டே போகணும். நல்ல வேளை சொன்னீங்க. மருந்து கூடினா கை நடுங்கும், அப்படி ஏதாவது இருக்கான்னு அக்காவைக் கேளுங்க, காலையில இல்லன்னாங்க."

நவநீதன் அக்காவைப் பார்த்தான். அவள் இரு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். மெல்ல வெளியே எடுத்து நீட்டினாள். விரல்கள் நடுங்கின.

"எத்தனை நாளாக்கா?"

"ஒரு வாரம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவடா" என்றாள் சாதாரணமாக.

நவநீதன் ஒரு கையால் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டான். போனில் டாக்டர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இருக்கு டாக்டர். ஒரு வாரமா" என்று மட்டும் சொன்னான்.

சொன்ன நாளில் ரத்தம் எடுத்தார்கள். லெவல் இறங்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் டோஸை ஏற்றினார். அடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் பழைய இடத்துக்கு வந்தது. முடிவு வந்தபோது நவநீதன் மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

அன்று மாலை தன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து மலர்க்கொடி அவனைக் கேட்டாள். "அது சரி, கொய்யா சாப்பிடலாமா நான்?"

வாயைத் திறந்தான். உள்ளே ஒரு முழுநீளப் பேச்சு தயாராக இருந்தது. மூடிக்கொண்டான்.

"தெரியலக்கா. கேட்டுட்டுச் சொல்றேன்."

அக்கா அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு நடுங்காத கையை நீட்டி, காய்ச்சல் அடிக்கிறதா என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.