யார் சொல்லி வந்த வேலை

கடைசிப் பலகையை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான் அவள் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். கட்டட வேலை செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய நிறுவனத்தின் பெயரில் ஒரு பதிவு வந்திருந்தது. மருத்துவமனையின் புதிய கட்டடம், வரிசையாக அவள் மாட்டிய பலகைகள், கீழே ஒரு வரி: "எங்களை நம்பி இந்த வாய்ப்பை வாங்கித் தந்த ஆர்க்கிடெக்ட் சாருக்கு மனமார்ந்த நன்றி."

ஆர்க்கிடெக்ட் கை கூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தார். அதற்குக் கீழே பலரும் வாழ்த்தியிருந்தார்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு கட்டைவிரல். அதைப் போட்டவர் பெயின்டர்.

அவள் நன்றி சொன்ன அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

பெரிய கட்டடங்களில் எக்ஸ்ரே எந்தப் பக்கம், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று வழிகாட்டும் பலகைகள் செய்வது அவள் தொழில். தொழிலில் எல்லோரும் அவளை 'அம்பு' என்றுதான் கூப்பிடுவார்கள்; பெயின்டரை, சுவருக்கு அடிக்கும் மலிவான பெயின்டின் பெயரால் 'டிஸ்டெம்பர்' என்பார்கள். பட்டறையை அவள் பார்த்துக்கொள்ள, ஆபீசை அவளுடைய நாத்தனார் பார்த்துக்கொண்டாள். பதிவு போட்டவளும் நாத்தனார்தான். அவள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. வேலைக்கான முதல் கூட்டத்தில் ஆர்க்கிடெக்ட்தான் இவர்களை மருத்துவமனைத் தலைவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதைத்தான் அவள் கண்டாள்.

அதற்கு முன்னால் நடந்தது அம்புக்கு மட்டும் தெரியும். மருத்துவமனையின் பராமரிப்பு மேலாளர் முதல்முதலாக அவளுக்குப் போன் செய்தபோதே, பெயின்டர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். பெயின்டரும் அவளும் முன்பு ஒரு பள்ளிக்கூட வேலையில் பக்கத்துப் பக்கத்துச் சுவரில் வேலை செய்தவர்கள். அவர் அவளைப் பற்றிச் சொன்னதை மேலாளர் அப்படியே ஒப்பித்தார்: "தப்பு வந்தா மறைக்க மாட்டாங்க, கழட்டிட்டு வேற மாட்டுவாங்க."

அன்றே பெயின்டருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. சாயங்காலம் பேசலாம் என்று விட்டாள். அடுத்து அளவெடுப்பு, வரைபடம், தகடு வெட்டுவது என்று வேலை தலைக்கு மேல் போனது. வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தியைக்கூட அவள் அவருக்குச் சொல்லவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் பெயின்ட் உரிந்து வந்ததற்கு ஆர்க்கிடெக்ட் பெயின்டரைக் குறை சொன்னார். சுவர் காய்வதற்கு முன்பே அடிக்கச் சொன்னது யார் என்று பெயின்டர் திருப்பிக் கேட்டார். வாய்த் தகராறு முற்றி, புதிய கட்டட வேலை அவர் கையைவிட்டுப் போனது. அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த நாளில்தான் மேலாளர் போய், பலகை வேலைக்கு நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தன்னை அனுப்பிவிட்ட இடத்துக்கு நின்று நிதானமாக அவள் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்.

ஆபீசுக்கு வந்து அவள் இதையெல்லாம் சொன்னபோது நாத்தனாரின் முகம் சுருங்கியது. முன்னாடியே சொல்லியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேனே என்றாள். அது நியாயம்தான். அந்தப் பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்றும், பெயின்டருக்கு நல்லதாக ஏதாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றும் யோசனை சொன்னாள்.

"நாளைக்குக் கட்டடத்தை ஒப்படைக்கிறாங்க அண்ணி. எல்லாரும் இருப்பாங்க. அடுத்து வரப்போற ரெண்டாவது கட்டடத்துக்குப் பலகை போட ஆளை முடிவு பண்றது ஆர்க்கிடெக்ட். அவரு முன்னாடி போய்ப் பெயின்டர் பேரை எடுத்தா, நாமளே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி."

அம்பு வண்டிச் சாவியை எடுத்தாள்.

பெயின்டர் ஒரு காலி வீட்டின் முன்னறையில் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையில் கட்டிய துணி, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. அவளைப் பார்த்தும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வேலை கிடைத்ததைச் சொல்லாதது தன் தவறு, பதிவில் பெயர் மாறிப்போனது தன் வீட்டுத் தவறு, இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்றாள்.

அவர் உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்து மேலும் தேய்த்தார்.

"தனியா வந்து சொல்லிட்டீங்க. உங்க மனசு ஆறிடும்," என்றார். "எனக்கு?"

அந்தத் தகராறுக்குப் பிறகு குழுவில் யாரும் தன்னை வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருவராவது அவரிடம் ஆள் கேட்பார்கள். ஆள் சொல்வதில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. இப்போது அவர் சொல்லி வந்த வேலையும் அவரைப் பிடிக்காதவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

"நாளைக்கு அங்க எல்லார் முன்னாடியும் உங்க பேரைச் சொல்லலாம்னு இருக்கேன்," என்றாள். "சொன்னா உங்களுக்கு ஏதாவது தொந்தரவு வருமா? வேண்டாம்னா சொல்லிடுங்க, குழுவுல மட்டும் திருத்திடறேன்."

அவர் கை நின்றது. முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க. ஆனா நடந்ததை மட்டும் சொல்லுங்க. சுவர் கதைய எடுக்காதீங்க, அது என் சண்டை. எனக்காக வக்காலத்து வாங்கினா நன்றி மாதிரி இருக்காது, பஞ்சாயத்து மாதிரி ஆயிடும்."

வண்டியை எடுப்பதற்கு முன் வாசலிலேயே நின்று ஆர்க்கிடெக்டுக்குப் போன் செய்தாள். சபையில் திடீரென்று அவர் காலை வாரிவிட்டதாக ஆகிவிடக் கூடாது. பதிவில் பிழை வந்துவிட்டது, நாளை அதைத் திருத்திப் பேசப்போகிறேன், உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியையும் சேர்த்தே சொல்வேன் என்றாள். யார் முதலில் பெயரைச் சொன்னார்கள் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றார் அவர். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"ரெண்டாவது பிளாக்குக்கு நான் இன்னும் யாரையும் முடிவு பண்ணலைம்மா. யோசிச்சுப் பேசுங்க."

மறுநாள் புதிய கட்டடத்தின் கூட்ட அறையில் உட்கார இடமில்லை. மின்சாரம், குழாய், தரை என்று ஒவ்வொரு வேலையும் செய்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் மருத்துவமனைத் தலைவரான டாக்டரம்மா, பக்கத்தில் ஆர்க்கிடெக்ட், கடைசி நாற்காலியில் மேலாளர். நாத்தனார் அவள் பக்கத்தில் நின்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆர்க்கிடெக்ட் ஒவ்வொருவரையும் அழைத்து அறிமுகம் செய்தார். அவள் முறை வந்தபோது புன்னகையோடு, "இவங்க நான் தேடிப் பிடிச்ச ஆள்," என்றார். அறையில் கைதட்டினார்கள். அது எச்சரிக்கை என்று அவளுக்குப் புரிந்தது. கைதட்டலுக்கு வணங்கிவிட்டு அப்படியே நின்றுவிட வழி திறந்தே இருந்தது. நாத்தனாரின் விரல்கள் அவள் முழங்கையைத் தொட்டன. வேண்டாம் என்கிறாளா, தைரியம் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

முதல் வார்த்தை காற்றாகத்தான் வந்தது. மறுபடியும் ஆரம்பித்தாள்.

"ஆர்க்கிடெக்ட் சாருக்கு ஒரு நன்றி சொல்லணும். லிஃப்ட் பக்கத்துல பலகைக்கு இடமில்லாம இருந்துச்சு. நாங்க கேட்டதும் வரைபடத்தையே மாத்தி எங்களுக்குச் சுவர் ஒதுக்கிக் கொடுத்தாரு. அது இல்லைன்னா நோயாளிங்க அங்க திண்டாடியிருப்பாங்க."

ஆர்க்கிடெக்டின் தோள்கள் தளர்ந்தன.

"எங்களை இந்த இடத்துக்குச் சொல்லி அனுப்பினது பெயின்டர் அண்ணன். பழைய கட்டடத்துல வேலை செஞ்சாரே, டிஸ்டெம்பர்னு கூப்பிடுவோமே, அவரு. மேலாளர் சார் ஆள் கேட்டப்போ என் பேரைச் சொன்னது அவருதான். எங்க பதிவுல அது மாறிப் போச்சு, தப்பு எங்களோடது. அவரு ஒரு வார்த்தை சொல்லலைன்னா நான் இந்தக் கட்டடத்துக்குள்ளயே வந்திருக்க மாட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தரை வேலைக்காரர் தன் காலடியில் தான் பதித்த டைல்ஸையே உற்றுப் பார்த்தார். ஆர்க்கிடெக்ட் கையிலிருந்த பேனாவை மூடினார். மூடிய பேனாவை மறுபடியும் மூடப் பார்த்தார்.

டாக்டரம்மா கடைசி நாற்காலியின் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார்.

மேலாளருக்கும் ஆர்க்கிடெக்டோடு தினமும் முகம் பார்க்க வேண்டிய வேலை. அவர் கண் முன்வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தது. அவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் தான் சொன்னது பொய்யாகிவிடும் என்பது அந்த நொடியில்தான் அம்புக்கு உறைத்தது.

"ஆமா டாக்டர்," என்றார் மேலாளர். "நான்தான் கேட்டேன். அவர்தான் சொன்னார்."

டாக்டரம்மா தலையசைத்தார். நல்ல ஆளைத்தான் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்தது யார் என்று கேட்டார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஆர்க்கிடெக்ட் அவளைக் கடந்து போனார். ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வண்டியில் ஏறியதும் நாத்தனாரே கைபேசியை எடுத்தாள். பதிவை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே, முன்பு எழுதியது தவறு என்று தொடங்கி, பெயின்டரின் பெயர், அவர் யாரிடம் என்ன சொல்லி அனுப்பினார் என்பது, வரைபடத்தை மாற்றிக் கொடுத்ததற்கு ஆர்க்கிடெக்டுக்கு நன்றி என்று எல்லாவற்றையும் எழுதி அண்ணியிடம் நீட்டினாள். அம்பு வாசித்துவிட்டு, பெயின்டருடைய போன் நம்பரையும் போடலாமா என்று அவரைக் கேட்டுக்கொண்டு போடு என்றாள். நாத்தனார் அங்கேயே அவருக்குப் போன் செய்து கேட்டு, சரி என்றதும் போட்டாள்.

குழுவில் சாயங்காலம் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆர்க்கிடெக்ட் படித்துவிட்டார் என்பது தெரிந்தது, எதுவும் போடவில்லை. பிறகு தரை வேலைக்காரர் ஒரு வரி போட்டார்: "எனக்கும் போன வருஷம் ஒரு வேலை டிஸ்டெம்பர் சொல்லித்தான் வந்துச்சு. சொல்ல மறந்துட்டேன்." அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர்.

இரண்டாவது கட்டடத்தின் பலகை வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆர்க்கிடெக்ட் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் நாத்தனார் சாப்பிடாமல் எழுந்து போனாள். அம்புக்கும் வலித்தது. தகடு வெட்டும் இயந்திரம் சும்மா கிடந்த அந்த வாரங்களில், பேசாமல் இருந்திருக்கலாமோ என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை என்று அவளால் சொல்ல முடியாது.

ஒரு நாள் பெயின்டரே போன் செய்தார். வேலை வந்து குவிந்துவிடவில்லை. ஆனால் மறுபடியும் நான்கு பேர் அவரிடம் ஆள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நூலகத்தில் உள்ளே பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"இங்க புத்தகம் தேடி வர்றவங்க கழிவறைக்குள்ள போயிடறாங்க. நான் உங்க பேரைச் சொல்லியிருக்கேன். வந்து பாருங்க, பிடிச்சா செய்ங்க."

அம்பு போனை நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் முகவரியை எழுதிக்கொண்டாள். பிறகு சற்றுத் தயங்கி, "அண்ணே, அங்க போனதும் நீங்க சொல்லித்தான் வந்தோம்னு முதல்லயே சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

தாராளமாகச் சொல்லுங்கள் என்றார் அவர். ஆனால் டிஸ்டெம்பர் என்று சொல்லிவிட வேண்டாம், அங்கே தன்னைச் 'சார்' என்று கூப்பிடுகிறார்கள், அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.