ஹாட்ஸ்பாட்டில் இரண்டாவது ஆள்

எக்செல் தேர்வின் மூன்றாவது கேள்வியில் இருந்தபோது லேப்டாப்பில் எதிரே தெரிந்த அதிகாரியின் முகம் அப்படியே உறைந்துபோனது. குரல் துண்டு துண்டாக வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"மேடம், கேக்குதா? ஹலோ மேடம்?"

வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எழில்மொழி லேப்டாப்பின் விசைகளை மாறி மாறித் தட்டினாள். பாரிமுனையில் இருக்கும் ஷிப்பிங் கம்பெனியில் டாக்குமெண்ட் பிரிவு வேலைக்கான இண்டர்வியூ. இரண்டு சுற்று தாண்டி வந்திருந்தாள். இதுதான் கடைசி.

எம்.கே.பி. நகர் குடியிருப்பில் அவர்கள் தெருவில் மழைநீர் கால்வாய்க்குத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துப்போட்டு ஒரு வாரம் ஆகப்போகிறது. கேபிள்காரர் மஹீனைக் கேட்டால் "நாளைக்கு" என்பார். அதனால் தன் ஃபோனில் இருந்தே லேப்டாப்புக்கு நெட் கொடுத்திருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி அவளுக்கு. வீடியோவில் ஒரு மணி நேரம் பேசினால் ஒரு ஜிபிக்கு மேல் போகாது என்று விசாரித்து வைத்திருந்தாள். காலையிலிருந்து ஒரு ரீல்ஸ்கூடப் பார்க்கவில்லை. சிக்னலுக்காக ஃபோனை ஜன்னல் கம்பியோரம் சாய்த்து வைத்திருந்தாள்.

ஓடிப்போய் ஃபோனை எடுத்தாள். 'இன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்தது. இனி குறைந்த வேகத்தில் மட்டுமே கிடைக்கும்' என்று குறுஞ்செய்தி வந்திருந்தது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டு ஜிபியா? அவள் நம்பவில்லை. ஹாட்ஸ்பாட்டைத் திறந்து பார்த்தாள். இணைந்திருக்கும் கருவிகள்: இரண்டு. ஒன்று அவள் லேப்டாப். இன்னொன்று?

திரும்பினாள். டிவிக்குக் கீழே, தம்பி செங்குட்டுவனின் கேம் பெட்டியில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டிவியைப் போட்டு, கன்ட்ரோலரை அழுத்தினாள். பெட்டி விழித்துக்கொண்டது. அவன் தினமும் ஆடும் கால்பந்து விளையாட்டின் மேல் ஒரு கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அப்டேட். நாற்பத்தாறு ஜிபியில் ஒன்றரைக்கு மேல் இறங்கியிருந்தது.

பிளக்கைப் பிடித்து இழுத்தாள். பிறகுதான் தம்பிக்கு ஃபோன் போட்டாள். டேட்டா தீர்ந்தாலும் கால் போகும். எண்ணூர் கன்டெய்னர் யார்டில் லாரி சத்தத்துக்கு நடுவே அவன் எடுத்தான்.

"டேய், கேம் பொட்டிய ஆஃப் பண்ட்டுதான போன?"

"பண்ட்டுதான்க்கா வந்தேன். ஏன்?"

"அப்புறம் இன்னாத்துக்கு அதுல லைட்டு எரிஞ்சிகினு கீது?"

"அது ரெஸ்ட் மோடுக்கா. தூங்கிகினு கீது."

"தூங்கறது என் நெட்ட குடிக்குமாடா? இண்டர்வியூ பாதில புட்டுகிச்சு! நாப்பத்தாறு ஜிபி அப்டேட்டாம்!"

"இன்னிக்கு புது சீசனு..." என்று இழுத்தான். "அதுவா எறக்கிகிச்சு போல. உன் பாஸ்வேர்டு அதுல சேவ் ஆயி கீதுல்ல. நீ ஹாட்ஸ்பாட்ட போட்டதும் அதுவே வந்து ஒட்டிகினு இருக்கும். செல்லு நெட்டுன்னு அதுக்கு எப்டிக்கா தெரியும், வூட்டு வைஃபைனு நெனைச்சிகிச்சு."

"கேம் ஆடுனா ஒரு மணி நேரத்துக்கு நூறு எம்பிகூட ஆவாதுன்னு என்னாண்ட சொன்னியே!"

"ஆடுனா ஆவாதுக்கா, அத்து நெஜம். அப்டேட்டுதான்..."

"அத்த ஏன்டா அப்ப சொல்லல?" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது. "வூட்டுக்கு வா, உன்ன பேசிக்கிறேன்."

நெட் இல்லாத முதல் நாள் மாலை, "எக்கா, ஒரே ஒரு மேட்ச்சு" என்று கெஞ்சிப் பாஸ்வேர்டு வாங்கியது அவன்தான். பிறகு தினமும் மாலையில் அவள் ஹாட்ஸ்பாட்டைப் போட்டதும் ஆடினான். அவன் சொன்ன கணக்கு அன்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

கம்பெனியிலிருந்து இண்டர்வியூவுக்கு அழைத்த பெண்ணுக்கு ஃபோன் செய்தாள். உண்மையைச் சொன்னாள், கேம் பெட்டியை மட்டும் விட்டுவிட்டு.

"நாலு மணி வரைக்கும் பேனல் இருப்பாங்க," என்றாள் அந்தப் பெண். "அதுக்குள்ள லிங்க்ல திரும்ப வந்தீங்கன்னா டெஸ்ட்ட முடிச்சிடலாம். இல்லன்னா கஷ்டம்ங்க."

டேட்டா பேக் போடலாம் என்று பணம் கட்டும் ஆப்பைத் திறந்தாள். இருந்த வேகத்தில் அது திறக்கவே இல்லை. மீண்டும் அந்த வட்டம். ஃபோனைக் கட்டிலில் வீசினாள். திடீரென்று ஒன்று தோன்றியது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள்.

மஹீனின் கேபிள் ஆபீஸ் தெருமுனையில், ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால். உள்ளே ஏசி ஓடியது. சுவர் முழுக்கப் பச்சை விளக்குகள் மின்னின. மஹீன் மேசையில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நாளைக்கு ஆளு வந்துரு..."

"நாளைக்கு வேணாம்ண்ணா. இப்ப இங்க நெட்டு கீதா?"

"கீது. ஏன்?"

"பாஸ்வேர்டு சொல்லுங்க. என் இண்டர்வியூ பாதில நின்னுச்சு. நாலு மணிக்குள்ள முடிக்கணும். நான் இங்கதான் ஒக்காரப் போறேன்."

"இது ஆபீஸும்மா. கஸ்டமரு வந்து போற எடம்."

"நானும் கஸ்டமருதான்! மாசா மாசம் கரெக்டா கட்றேனா இல்லியா? ஒரு வாரமா கேபிள போட வக்கில்ல, ஒக்கார எடம் குடுக்க மட்டும் ரூல்ஸ் பேசறீங்க!"

அவள் குரல் ஜெராக்ஸ் கடை வரை போனது. அங்கே நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மஹீன் அவளையும் லேப்டாப்பையும் ஒருமுறை பார்த்தார். பொட்டலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஒக்காரும்மா. பாஸ்வேர்டு அந்தப் பொட்டி மேல ஒட்டி கீது, பாரு," என்றவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். கடைசி வரை யாரையும் உள்ளே விடவில்லை.

மீதிக் கேள்விகளைப் பிரியாணி வாசனையில் முடித்தாள். அதிகாரி கடைசியாக, "வாடிக்கையாளர் கோபமா கத்தினா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "அவங்க வேலை எதனால நின்னுச்சுன்னு மொதல்ல கேப்பேன் மேடம்," என்றாள். யோசித்துச் சொன்ன பதில் இல்லை.

மாலையில் செங்குட்டுவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"முடிஞ்சிச்சாக்கா?"

"முடிஞ்சிச்சு. உன்னால இல்ல."

"நீ மத்தியானம் ஹாட்ஸ்பாட் போடுவேன்னு சொல்லியிருந்தா ஒயர புடுங்கிட்டு போயிருப்பேன்ல?"

அதுவரை தாழ்ந்திருந்த அவள் குரல் எகிறியது. "என் ஃபோன நான் எப்ப போடணும்னு உன்னாண்ட கேட்டுகினு போடணுமாடா? கடன் குட்த்தவ சொல்லணுமா, வாங்குனவன் பாத்துக்கணுமா?"

அவன் உள்ளே வந்து பெட்டியை உயிர்ப்பித்து, தானாக அப்டேட் இறங்கும் வசதியை அணைத்தான். ரெஸ்ட் மோடில் நெட்டோடு இணைந்திருப்பதையும் அணைத்தான். ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டினான். அவள் பார்த்துக்கொண்டே தன் ஃபோனில் ஹாட்ஸ்பாட்டின் பாஸ்வேர்டை மாற்றினாள். புதியதை அவன் கேட்கவில்லை. அன்று அவனுக்கு மேட்ச் இருந்தது. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அம்மா பூவம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சனிக்கிழமை மஹீனின் ஆட்கள் கம்பத்தில் ஏறிப் புதுக் கேபிள் இழுத்தார்கள். அடுத்த வாரம் வேலைக்கான கடிதம் மெயிலில் வந்தது. எழில்மொழி அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கதவோரம் நின்றிருந்த செங்குட்டுவன் தொண்டையைச் செருமினான்.

"எக்கா, மொத நாளு நான் வேணா பைக்ல இட்டுகினு போயி வுட்டுடட்டா?"

"வோணாம்," என்றாள் எழில்மொழி. "பஸ்லயே போய்க்கிறேன்."