இரண்டாவது குடுவை

பாய்லர் குழாய் வெடித்து, அடுப்பில் தீ பார்க்கும் ஃபயர்மேனின் கையும் மார்பும் வெந்துபோனதிலிருந்து ஆலையில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். குழாய்க்குள் அத்தனை சுண்ணாம்பு படியும்படி கடினநீர் எப்படிப் போனது? நீரை மென்மையாக்கும் ரெசின் மணிகள் செத்துப்போயிருந்தால் பழி நிர்வாகத்தின் மேல். ரெசின் நன்றாக இருந்தால், உப்புநீர் விட்டு அதைப் புதுப்பிக்காத ஆப்பரேட்டர் மேல். அந்த ஆப்பரேட்டர் ஆய்வகத்துக் கெமிஸ்டின் கூடப்பிறந்த அண்ணன்.

"நான் பாக்கறது சரியில்ல சார்," என்றாள் கெமிஸ்ட், ரெசினைச் சோதிக்கச் சொன்ன மேனேஜரிடம்.

"வேற யாரு இருக்கா? நீயே பாரும்மா."

அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தான். "உப்பெல்லாம் ஒழுங்கா விட்டேன், சொட்டு. ரெசின்தான் போச்சு." சொட்டுச் சொட்டாக அளந்தே பிழைக்கிறாள் என்று தங்கைக்கு அவன் வைத்த செல்லப்பெயர் அது.

தொட்டியிலிருந்து எடுத்த ரெசினை அளந்து கண்ணாடிக் குழாயில் நிரப்பினாள். தாராளமாக அமிலம் விட்டு, அதன் ஒவ்வொரு மணியிலும் ஹைட்ரஜனை ஏற்றினாள். வெளிவரும் நீரில் அமிலமே இல்லை என்னும்வரை காய்ச்சி வடித்த நீரால் கழுவினாள். பிறகு உப்புக் கரைசலை மெதுவாக இறக்கினாள். உப்பின் சோடியம் ரெசினில் ஏறிக்கொள்ள, ஹைட்ரஜன் அமிலமாகக் கீழே குடுவையில் இறங்கியது. குடுவை நிறைந்ததும் அதில் ஒரு பங்கை எடுத்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேட் செய்தாள். சீக்கிரமே இளஞ்சிவப்பு நிலைத்துவிட்டது; அமிலம் கொஞ்சம்தான். கணக்குப் போட்டால், புது ரெசினின் கொள்ளளவில் பாதிகூட வரவில்லை.

அப்பாடா, ரெசின்தான் செத்திருக்கிறது! போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

ரிப்போர்ட் எழுதப் பேனாவை எடுத்தவள், பழக்கதோஷத்தில் குழாய் நுனியில் தொங்கிய சொட்டை, அமிலம் பட்டால் சிவக்கும் மெத்தில் ஆரஞ்சில் விழவிட்டாள். சிவந்தது. ரெசினிலிருந்து அமிலம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவள்தான் அவசரப்பட்டு நிறுத்தியிருக்கிறாள். யார் பார்த்தார்கள், விட்டுவிடேன் என்று மனசு கெஞ்சத்தான் செய்தது. மருத்துவமனையில் கட்டுப்போட்ட கையோடு கிடப்பவனின் முகம் விடவில்லை. இரண்டாவது குடுவையை அடியில் வைத்தாள்.

இம்முறை சொட்டு விழுந்தும் மெத்தில் ஆரஞ்சு மஞ்சளாகவே நிற்கும்வரை கரைசலை விட்டாள். டைட்ரேட் செய்து இரண்டு குடுவைக் கணக்கையும் கூட்டினாள். ரெசின் கிட்டத்தட்டப் புதிதுபோலவே இருந்தது.

கதவைத் திறந்தபோது அண்ணன் நிமிரவில்லை.

"ரெண்டாவது குடுவை எதுக்கு வச்ச?"

"சொட்டு இன்னும் செவப்பா இருந்துச்சுண்ணா."

"மூணு மாசமா நான் உப்பே விடல," என்றான் அவன்.

"தெரியுதுண்ணா."

"மேனேஜர்கிட்ட ரிப்போர்ட்ட நீ குடுத்துடு," என்று எழுந்தான். "ஃபயர்மேன்கிட்ட நான் சொல்லணும். தனியா போகத் தைரியம் இல்ல. கூட வர்றியா?"

அவள் ஆய்வகக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவனோடு கிளம்பினாள்.