பத்தில் ஒரு நொடி

கிரேன் சோதனைக் கூடத்தில் இரண்டு டன் சிமெண்ட் கட்டியைப் பத்து மீட்டர் கயிற்றில் தொங்கவிட்டு, அரை மீட்டர் பக்கவாட்டில் இழுத்து, மெக்கானிக் கையை விட்டார். கட்டி சாவகாசமாகப் போய்ச் சாவகாசமாகத் திரும்பியது. போய்வர ஆறேகால் நொடிக்குக் கொஞ்சம் கூட. கயிற்றைத் தாங்கி மேலே தண்டவாளத்தில் ஓடும் வண்டி பூட்டியிருந்தது, மோட்டாருக்கு ஒரு கட்டளையும் போகவில்லை. நிறுவனத்தின் புதிய கிரேனுக்கு அது வழக்கமான சோதனை. அந்த ஆட்டத்தைக் கணினி தன் கணக்கில் அப்படியே போட்டுக் காட்டுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது அவள் வேலை. கூடத்தில் எல்லோரும் அவளைக் 'கணக்கு மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மென்பொருளை எழுதியவளும் அவள்தான்.

திரையில் கோடு ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக ஏறியது. நாற்பது நொடியில் அரை மீட்டர் ஆட்டம் மூன்று மீட்டரைத் தாண்டிவிட்டது. எதிரே நிஜமான கட்டி அதே அரை மீட்டருக்குள் சாதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன மேடம், உங்க ஊஞ்சல் சுவரை இடிச்சிட்டு வெளிய போயிரும் போலிருக்கே?" என்று மெக்கானிக் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள்.

ஏழு மாதங்களுக்கு முன் இதே மென்பொருளை வைத்து அவள் ஓர் அறிக்கை கொடுத்திருந்தாள்.

ஒரு சரக்குக் கிடங்கில் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று ஆடிவந்து இடித்து, கீழே நின்ற தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். சரக்குக்கு பெல்ட் கட்டிக் கொக்கியில் மாட்டுவது அவர் வேலை. கிரேனை ஓட்டியவர் இருபது வருட அனுபவக்காரர். நூல் பிடித்த மாதிரி சரக்கை இறக்குவார் என்பதால் 'நூலு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இறந்தவர் நூலுவின் மச்சான், மனைவியின் ஒரே தம்பி.

கிரேனில் ஆட்டத்தை அளக்கும் கருவி இல்லை. நூலு மோட்டாருக்குக் கொடுத்த கட்டளைகள் மட்டும் பத்தில் ஒரு நொடிக்கு ஒன்றாகப் பதிவாகியிருந்தன. அவற்றை வைத்துச் சரக்கு எப்படி ஆடியிருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும்படி கேட்டார்கள். வண்டி இருபத்தைந்து நொடி ஓடி நின்றது. அதற்குப் பதினான்கு நொடி கழித்து விபத்து. அந்த நேரத்தில் ஆட்டம் ஒன்றரை மீட்டர் என்றது மென்பொருள். 'ஓட்டுநரின் இயக்கத்தால் ஏற்பட்ட ஆட்டம்' என்று அவள் எழுதினாள். நூலுவின் உரிமம் போயிற்று.

சோதனை நடந்த அன்று மதியம் அவள் சாப்பிடப் போகவில்லை. மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆடும் சரக்குக்கு இரண்டு நிலைகள்தான்: எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸ் ஒன்று சொல்லிவிடும். இந்த நொடியிலிருந்து அடுத்த பதிவுக்குத் தாண்ட, அவள் பழைய நாளில் ஒரு குறுக்கு வழி போட்டிருந்தாள். இப்போதைய வேகத்தைக் கால இடைவெளியால் பெருக்கி இடத்தோடு கூட்டு, இப்போதைய முடுக்கத்தைப் பெருக்கி வேகத்தோடு கூட்டு, அவ்வளவுதான். இடைவெளிக்குள் சரக்கு நகர்ந்துவிடும், அதனால் முடுக்கமும் மாறிவிடும் என்பதை அந்த வழி கண்டுகொள்வதில்லை. எழுதியபோது பதிவு நூறில் ஒரு நொடிக்கு ஒன்றாக வந்தது. பிழை இருந்தது, ஆனால் யார் கண்ணிலும் படாத அளவு. பிறகு நினைவக இடத்தை மிச்சப்படுத்தப் பத்தில் ஒரு நொடி என்று மாற்றினார்கள். அவள் நிரலில் ஒரே ஓர் எண்ணை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று மகளுக்குப் பிறந்தநாள் என்பது வரை ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு தாவலிலும் ஆட்டம் ஏறக்குறைய அரை சதவீதம் பொய்யாக வளர்கிறது. முப்பத்தொன்பது நொடிக்கு முன்னூற்றுத் தொண்ணூறு தாவல். பெருக்கிப் பார்த்தாள். ஆறரை மடங்குக்கு மேல்.

சரியான வழி அவளுக்குக் கல்லூரியிலேயே தெரியும். அதுதான் அதிகமாகச் சுட்டது. ஒரு கட்டளை வந்தால் அடுத்தது வரும் வரை மோட்டார் அதையே மாறாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இடைவெளி முழுக்க உள்ளீடு ஒரே அளவு என்று உறுதியாகத் தெரிந்தால் தோராயமே தேவையில்லை. மேட்ரிக்ஸின் எக்ஸ்பொனென்ஷியலைப் போட்டால் அடுத்த பதிவின் நிலை துல்லியமாகவே கிடைத்துவிடும். முடிவில்லாமல் நீளும் தொடர்தான் அது. ஆனால் இந்த மேட்ரிக்ஸைத் தன்னாலேயே பெருக்கினால் வெறும் ஓர் எதிர்மறை எண்ணாகச் சுருங்கிவிடும், அதனால் மொத்தத் தொடரும் ஒரு கொசைனும் ஒரு சைனுமாக மடங்கிவிடுகிறது. கட்டளையின் பங்குக்கு அதே எக்ஸ்பொனென்ஷியலை இடைவெளி முழுக்கத் தொகையீடு செய்ய வேண்டும். அதுவும் இரண்டே வரி. மொத்தம் அரைப் பக்கம்கூட வரவில்லை.

முதலில் சிமெண்ட் கட்டியின் சோதனையைப் போட்டாள். கோடு அரை மீட்டரிலேயே நின்றது. பிறகு நூலுவின் கட்டளைகளைப் போட்டாள்.

புறப்படும்போது முப்பது சென்டிமீட்டர் ஆட்டம். நிறுத்தும்போது சரக்கு திரும்பிவரும் நேரம் பார்த்து அந்த மனிதர் பிரேக் போட்டிருந்தார். ஆட்டம் அடங்கிவிட்டது. விபத்து நேரத்தில் பத்து சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை.

சேஃப்டி மேனேஜர் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "முடிஞ்சு போன விஷயம்மா. இப்போ கிளறினா நம்ம பேருதான் கெடும்."

"என் பேரு கெடட்டும் சார். கையெழுத்து என்னோடது."

"அப்போ குழாய் எப்படித்தான் இடிச்சுதாம்? பேய் தள்ளுச்சா?"

"அது எனக்குத் தெரியல. அவர் ஆட்டினதால இல்ல, அது மட்டும் தெரியும்."

பழைய கோப்பை எடுத்துப் புரட்டினாள். விபத்து நடந்த அன்று நூலு கொடுத்த முதல் வாக்குமூலத்தில் ஒரு வரி இருந்தது: 'சரக்கு நின்ன பிறகு ஒரு பக்கத்து பெல்ட் வழுக்கிச்சு, கட்டு சாஞ்சு வீசுச்சு.' மறுவாரமே அவர் அதைத் திரும்பப் பெற்றிருந்தார். 'நான் சரியாகப் பார்க்கவில்லை' என்று கையெழுத்து. ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அறிக்கை வந்து விஷயம் முடிந்ததும் அந்த பெல்ட்டுகளையும் குப்பையில் போட்டிருந்தார்கள்.

திருத்திய அறிக்கையை அனுப்பிவிட்டு, மறுநாள் காலை அவள் நூலுவின் வீட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடி, நீளமான தாழ்வாரத்தின் கடைசிக் கதவு. அவர்தான் திறந்தார். நினைத்ததைவிட வயதானவராகத் தெரிந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கையில் குரல் உடைந்துவிட்டது.

"உங்க மேல தப்பே இல்ல. தப்பு என் கணக்குல. மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல."

அவர் முகத்தில் மகிழ்ச்சி வரும், இல்லை, கோபமாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் பதறிப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா பேசுங்க மேடம். உள்ள அவ இருக்கா. இதை அவகிட்ட சொல்லிராதீங்க."

"ஏங்க? அவங்களுக்குத்தானே முதல்ல தெரியணும்?"

"ஏழு மாசமா அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சோறு போடுவா, தட்டை வச்சிட்டுப் போயிருவா. அது எனக்குப் பழகிருச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "பெல்ட்டைக் கட்டினது என் மச்சான். அவசரத்துல ஒரு சுத்துதான் சுத்தினான். ரெண்டு சுத்து சுத்தணும். மேலேயிருந்து பாத்தேன், மைக்குல சொல்றதுக்குள்ள அவன் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டிட்டான். நானும் தூக்கிட்டேன். சின்னப் புள்ளையிலேர்ந்து அவ தூக்கி வளர்த்த தம்பி மேடம். அவனே பண்ணிக்கிட்டான்னு அவ காதுல விழணுமா? புருஷன் கொன்னுட்டான்னா திட்டவாவது ஓர் ஆள் இருக்கும்ல."

அவள் கொடுத்த எண் பொய் என்று தெரிந்துகொண்டே, அந்தப் பொய்யின் அடியில் இந்த மனிதர் ஏழு மாதம் குந்தியிருந்திருக்கிறார்.

உள்கதவு திறந்தே இருந்தது. மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கையில் பாதி மடித்த துணி. நேராகக் கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தனை சுத்து சுத்தணும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன். எத்தனை சுத்து?"

"எனக்கு சரியா தெரியலம்மா. நான் பாக்கல."

"பொய் சொல்லாதீங்க." அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தச் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. நூலு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "ஏன் எங்கிட்ட சொல்லல? நான் உங்களை என்னென்ன நினைச்சேன் தெரியுமா? கடவுளே, என்னென்ன நினைச்சேன்!"

கணக்கு மேடம் மெல்லக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்வாரத்தில் நடந்தாள். அவர்கள் இருவரும் அவள் போனதைக் கவனிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் உரிமம் திரும்பி வந்தது. நூலு அதை வாங்கிக்கொண்டார், கிரேனில் ஏறவில்லை. கிடங்கில் வாசல் பதிவேடு எழுதும் வேலைக்குப் போனார் என்று மெக்கானிக் சொன்னார். நிறுவனம் அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அதை அவள் எதிர்க்கவில்லை. பழைய முறையில் கணக்கிட்ட இன்னும் பதினொரு அறிக்கைகள் அலமாரியில் இருந்தன. யாரும் கேட்காமலேயே ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டாள். ஒன்பதில் முடிவு மாறவில்லை. பத்தாவதில் கொஞ்சம் மாறியது, யாரையும் பாதிக்காத அளவு.

பதினொன்றாவதைத் திறக்கும் முன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.