இலங்கை நேரம் வேண்டாம்

“நீராய்க் கேட்டால்தான் கனடாவுக்குக் கூப்பிடுவன்,” என்றான் அனோஜன்.

“அப்ப நான் இஞ்சயே இருந்து கிழவியாகிறன்,” என்றாள் சிவரூபி.

கலியாணம் முடிந்து அவன் கனடாவுக்குத் திரும்பிய அன்று, விமான நிலைய வாசலில் நடந்த கதை அது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஆனால் அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. விசாவைத்தான் கட்டுகிறாள் என்று ஊரில், விசுவமடுவில், அவள் காதுபடவே பேசியிருந்தார்கள். ஆகவே தன்னை அங்கே எடுக்கும்படி வாய்திறந்து கேட்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தாள். இரண்டு வருடமாகிவிட்டது. அவனும் கூப்பிடவில்லை.

கிளிநொச்சியில், பிரதான வீதியோர மாடியில் இருக்கும் விளம்பரக் கந்தோரில் அவளுக்கு வேலை. வெளிநாட்டுத் தமிழர் விழாக்களுக்குப் போஸ்டர் செய்து, முகநூலில் அதோடு போகும் வாசகத்தையும் எழுதுவாள். டொரன்டோவில் அனோஜனின் கலை மன்றம் நடத்தும் கூத்து விழாவும் அவளிடம்தான் வந்திருந்தது.

“லண்டனுக்கு இரவு பத்தெண்டு போட்டிருக்கிறாய். போன வருசம் பதினொண்டெல்லோ?” என்று கேட்டாள் பக்கத்துக் கதிரையில் இருந்த நிசாந்தினி.

“போன வருச விழா செப்டம்பரில. இது நவம்பர் முதலாம் திகதி. லண்டன்காரர் அதுக்கு முதல் கிழமையே மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிப்போடுவினம். டொரன்டோவில அடுத்த நாள் விடியத்தான். இந்த ஒரு கிழமைக்கு நாலு மணித்தியாலம்தான் வித்தியாசம்.”

“புருசன் அங்க இருந்தா எல்லாம் தெரியும்.”

புருசனைப் பற்றித்தான் சிவரூபிக்கு ஒன்றும் தெரியாமலிருந்தது. ஒரு கிழமையாக அவன் வீடியோவில் வரவில்லை. கமரா பழுதாம். நேற்றிரவு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். ‘டிக்கெட் தொடர்புக்கு என்ர நம்பரை எடுத்துப்போட்டு யதுர்ஷிகாவின்ர நம்பரைப் போடும். அண்டைக்கு என்னால போன் எடுக்கேலாது. இலங்கை நேரம் வேண்டாம்.’

போன வருடமும் இலங்கையில் விடிய மூன்றரை மணிதான். அப்போது போடச் சொன்னவன் அவனே. இப்போது ஏன் வேண்டாம்? தான் நேரலை பார்க்கக்கூடாது என்றா? யார் இந்த யதுர்ஷிகா?

வாசகத்தை இன்னொரு முறை வாசித்தாள்.

‘நவம்பர் 1, சனிக்கிழமை. டொரன்டோ மாலை 6. லண்டன் இரவு 10. பாரிஸ் இரவு 11. சிட்னி ஞாயிறு காலை 9. மண்டப டிக்கெட் 30 கனேடிய டொலர், வாசலில் விற்பனை இல்லை. நேரலை டிக்கெட் 10 கனேடிய டொலர், ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். டிக்கெட் இணைப்பு முதல் கமென்டில். தொடர்புக்கு: யதுர்ஷிகா.’

அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

பின்னேரம் ஐந்து மணி, அங்கே காலை ஏழரை. விசுவமடு பஸ்ஸை விட்டுவிட்டு அந்த நம்பருக்கே எடுத்தாள்.

“கிளிநொச்சியில இருந்து சிவரூபி. போஸ்டுக்கு முன்னம் நம்பர் சரியோ எண்டு பாக்கிறன்.”

“ஐயோ, எங்கட அக்காவோ. சரிதான்.” இளம் குரல்.

“ஏன் அனோஜன்ர நம்பர் வேண்டாமாம்?”

“அண்ணா சொல்லேல்லையோ? நேற்றிரவும் எங்கட வீட்டிலதான் நிண்டவர். பன்னிரண்டுக்குப் பிறகுதான் போனவர்.”

“என்ன செய்தவர்?”

“அம்மா அவருக்குச் சீலை உடுத்து நடக்கப் பழக்கினவா. கூத்தில அவர்தானே அரசி. மேடையில நிண்டுகொண்டு எப்பிடி டிக்கெட்டுக்குப் போன் எடுக்கிறது? மீசையையும் எடுத்தாச்சு. உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டவர். நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ அக்கா.”

சிவரூபி போனை வைத்தாள். பிறகு சிட்னிக்குப் பின்னால் ‘இலங்கை ஞாயிறு அதிகாலை 3.30’ என்று சேர்த்து, போஸ்டைப் போட்டாள்.

சொற்ப நேரத்தில் அனோஜன் எடுத்தான். “இலங்கை நேரம் வேண்டாமெண்டனான் எல்லோ?”

“கமராவைப் போடுங்கோ.”

“பழுதெண்டு சொன்னனான்.”

“கமராவோ, மீசையோ?”

திரையில் படம் வந்தது. காருக்குள் இருந்தான். மேலுதடு வெளிறி, பதினாறு வயசுப் பெடியன்போல இருந்தான்.

“சிரியும்,” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். “ஒரு கிழமையா என்னென்னவோ நினைச்சுப்போட்டன். உங்கட மீசை போனதைக்கூட டிக்கெட் நம்பருக்கு எடுத்துத்தான் அறியவேண்டிக் கிடக்கு.”

“என்ன நினைச்சனீர்?”

“வேண்டாம், கேக்காதேங்கோ.”

“நீர் ஒண்டும் கேக்கிறேல்லை. அதுதான் எனக்கும் ஒண்டும் விளங்கிறேல்லை. உம்மட அம்மாவையும் வேலையையும் விட்டிட்டு வர உமக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நானும் பேசாமல் இருந்திட்டன்.”

நிசாந்தினி கைப்பையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள்.

“இஞ்சருங்கோ,” என்றாள் சிவரூபி. “என்னை அங்க கூப்பிடுங்கோ.”