பெறுநர் கட்டம்

மாரிச்செல்வியின் மடல் வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் குழுவில் பாராட்டு மழை தொடங்கிவிட்டது. "அருமை", "இந்தச் சொல் நமக்குத் தோன்றாமல் போயிற்றே", "மாரியூர்க்காரப் பெண்ணுக்கு ஒரு சபாஷ்". லாமியா அடுப்பில் மீன்குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டு, மடிக்கணினியின் முன்னால் நின்றபடியே ஒவ்வொன்றையும் படித்தாள். குழம்பு கொதித்ததைவிட அவள் வயிறு அதிகமாகக் கொதித்தது.

அப்படி என்ன பெரிய சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாள்? மேற்கிலிருந்து வரும் காற்றைக் கடற்கரையில் எல்லோரும் கச்சான் என்றுதான் சொல்கிறார்கள். அவள் ஊரான பெரியபட்டினத்தில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்று போடலாம் என போன மாதமே லாமியா இதே குழுவில் எழுதினாள். அன்றைக்குக் குழு ஊமையாகக் கிடந்தது.

மீனவர்களுக்குக் கடல் வானிலை சொல்லும் ஓர் இலவசச் செயலி. அதைத் தமிழாக்குகிறவர்களின் மடலாடற்குழு அது. ஒருவர் குழுவின் முகவரிக்கு மடல் போட்டால் எல்லோருக்கும் போய்ச்சேரும். சம்பளம் கிடையாது. ஆனால் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பொறுப்பு உண்டு. எந்தச் சொல் செயலிக்குள் போக வேண்டும் என்று கடைசியில் தீர்மானிப்பது அவர்தான். குழுவில் எல்லோருக்கும் மூத்த அண்ணன் போன்ற ராமநாதபுரத்து பாக்கர் காக்கா பல வருடங்களாக அதைப் பார்த்துவந்தார். கண்ணுக்கு அறுவை சிகிச்சை ஆனதும், "எனக்குப் போதும், வேறு ஆளைப் பாருங்கள்" என்று எழுதிவிட்டார். குழுவின் பழைய மடல்களைப் பார்த்து, யாருடைய வேலைக்கு வரவேற்பு இருக்கிறதோ அவர் பெயரைத் தானே அறிவிப்பதாகவும் சொல்லியிருந்தார்.

லாமியா அந்தப் பொறுப்புக்கு ஆசைப்பட்டாள். வெளிப்படையாகவே ஆசைப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் எடுத்துவிட்டு வந்து, தம்மாமில் இருக்கும் கணவன் ஆதிலோடு பேசுகிற நேரத்தைக்கூடக் குறைத்துக்கொண்டு, இந்தச் செயலிக்காக உழைத்திருக்கிறாள். நேற்று வந்த ஒருத்தி அதைத் தட்டிக்கொண்டு போவதா?

இதில் அவளை அதிகமாக எரித்தது வேறொன்று. அவள் வேலையை யாரும் பாராட்டாமலில்லை. பாராட்டினார்கள், ஆனால் தனியாக. பாக்கர் காக்காவே "கொண்டல் பிரமாதம், லாமியா" என்று நீளமாக எழுதினார். அது அவள் பெட்டிக்கு மட்டும் வந்தது. மாரிச்செல்வி என்றால் ஊரைக் கூட்டிப் பாராட்டுவார்களாம், லாமியா என்றால் காதோடு காதாகச் சொல்வார்களாம். இப்படி ஓர் ஓரவஞ்சனையை அவள் எங்கும் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வி இன்னொரு மடல் போட்டாள். காற்றின் பெயர்களை எல்லாம் ஒரே அட்டவணையாக்கி இருந்தாள். அதில் கொண்டலும் இருந்தது. யார் சொன்னது என்று ஒரு வார்த்தை இல்லை.

லாமியாவுக்குக் கண் மண் தெரியவில்லை. இதைக் குழுவில் கேட்டால் பொறாமைக்காரி என்பார்கள். அவளிடமே நேராகக் கேட்டுவிட வேண்டியதுதான். மாரிச்செல்வியின் மடலைத் திறந்து "பதிலளி" பொத்தானை அழுத்தினாள். இந்தக் குழுவில் அந்தப் பொத்தானை அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும்தான் போகும். குழுவுக்குப் போக வேண்டுமென்றால் "அனைவருக்கும் பதிலளி". ஐந்து வருடப் பழக்கம். விரல் தானாகப் போயிற்று.

"மாரிச்செல்வி, அடுத்தவர் சொல்லை எடுத்து உன் அட்டவணையில் போட்டுக்கொள்ள வெட்கமாக இல்லையா? வந்த நாளிலிருந்து கைதட்டலுக்காகவே எழுதுகிறாய். பாக்கர் காக்கா கண் சரியில்லாதவர், அதனால் உன் ஆட்டம் அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறவர்கள். நான் அப்படி இல்லை."

அனுப்பியதும் நெஞ்சு லேசாயிற்று. அடுப்பில் இருந்த அன்றைய குழம்பை இறக்கி வைத்தாள். கைபேசி அடித்தது. ராமலெட்சுமி. கல்லூரியில் உடன் படித்தவள், அதே குழுவில் இருப்பவள்.

"ஏய் லாமியா, என்னடி பண்ணித் தொலைச்ச?"

"என்ன பண்ணேன்?"

"குழுவுல போட்டிருக்கியே! கூட்டத்தோட கோவிந்தா போடுறவுகன்னு எங்களையும் சேத்துல்ல வஞ்சிருக்க?"

"அது அவளுக்கு மட்டும் எழுதுனது."

"எல்லாருக்கும் வந்திருக்குடி. காக்கா கண்ணைப் பத்தி வேற எழுதியிருக்க."

லாமியா ஓடிப்போய் அனுப்பிய மடலைத் திறந்தாள். பெறுநர் கட்டத்தில் மாரிச்செல்வியின் முகவரி இல்லை. குழுவின் முகவரி இருந்தது. எழுதும்போது அந்தக் கட்டத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. போன மடலைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.

மாலையில் பாக்கர் காக்கா குழுவுக்கு எழுதினார். கோபமே இல்லை, அதுதான் இன்னும் குத்தியது. "என் கண்ணை விடுங்கள், மடலின் தலைப்பகுதியைப் பார்த்தேன். பதில் யாருக்குப் போக வேண்டும் என்பதை நம் குழு தீர்மானிப்பதில்லை. எழுதியவர் வேறு பதில் முகவரி வைக்காவிட்டால் அது அவருக்கே போகும். மாரிச்செல்வி தன் அஞ்சல் அமைப்பில் பதில் முகவரியாகக் குழுவின் முகவரியை வைத்திருக்கிறார். ஆகவே அவருக்கு யார் பதில் போட்டாலும் குழுவுக்கு வருகிறது. லாமியாவுக்கு நாம் போட்ட பதில்கள் லாமியாவுக்கு மட்டும் போயிருக்கின்றன. மாரிச்செல்விக்குப் போட்டவை குழுவில் வருவதைப் பார்த்து, கொண்டல் பற்றி நான் எழுதியதையும் எல்லோரும் படித்தார்கள் என்றே நினைத்திருந்தேன்."

அவ்வளவுதான். குழு தலைகீழாகப் புரண்டது. "நானும் லாமியாவைப் பாராட்டினேன், குழுவுக்குத்தான் போனது என்றிருந்தேன்" என்று ஒவ்வொருவராகப் பழைய பதில்களைத் தேடி எடுத்துக் குழுவில் போட்டார்கள். ஓரவஞ்சனை ஒன்றுமில்லை. எல்லோரும் ஒரே பொத்தானைத்தான் அழுத்தியிருக்கிறார்கள். பிறகு பேச்சு மாரிச்செல்வி பக்கம் திரும்பியது. "கைதட்டல் வெளியே கேட்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்" என்றார் ஒருவர். "லாமியா கேட்ட முறை தப்பு, கேட்ட விஷயம் சரி" என்றார் இன்னொருவர். மாரிச்செல்வி ஒரு வரிகூட எழுதவில்லை.

பாக்கர் காக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"காக்கா, உங்க கண்ணைப் பத்தி..."

"அத விடும்மா. கண்ணு இப்ப நல்லாத்தான் இருக்கு. இனிமே யாரு வேற பதில் முகவரி வச்சாலும் குழு அதக் கழட்டி விட்டுரும், அப்படி அமைப்ப மாத்தப் போறேன், ராமலெட்சுமிகிட்டயும் சொல்லிட்டேன். பொறுப்புக்கு ஒம் பேர அறிவிச்சிரவா? எல்லாரும் ஒம் பக்கந்தான் இருக்காக."

"நாளைக்குச் சொல்லட்டுமா காக்கா?"

ஏன் உடனே சரி என்று சொல்லவில்லை என்று அவளுக்கே புரியவில்லை. சந்தோஷம் பொங்கியது. மாரிச்செல்வி வாயடைத்துக் கிடப்பதை நினைத்தபோது அது இன்னும் இனித்தது.

மறுநாள் பள்ளியில் இடைவேளையில் மாரிச்செல்வியிடமிருந்து மடல் வந்தது. லாமியாவுக்கு மட்டும்.

"அக்கா, கொண்டல் நீங்க சொன்னது. பேர் போடாம விட்டது என் தப்பு, மன்னிச்சிருங்க. பதில் முகவரிக்குக் காரணத்த உங்ககிட்ட மட்டும் சொல்றேன். முன்னாடி வேற ஒரு குழுவுல இருந்தேன். அங்க ஒரு பெரிய மனுஷன் நான் எது எழுதுனாலும் எனக்கு மட்டும் பதில் போடுவாரு. மொதல்ல சொல்லப் பத்தி. அப்புறம் போட்டோ கேட்டாரு. அப்புறம் கேக்கக் கூடாததெல்லாம் கேட்டாரு. நான் சொன்னப்ப, குழுவுல அவரு மரியாதையாத்தான எழுதுறாரு, நீதான் எடம் குடுத்திருப்பன்னு என்னையே சொன்னாக. அதுலருந்து எனக்கு யாரு எழுதினாலும் எல்லாரு கண்ணு முன்னாடியும் வரட்டும்னு இப்படி வச்சேன். காக்கா அதக் கழட்டப் போறாருன்னு ராமலெட்சுமி அக்கா சொன்னாக. அப்படின்னா நான் விலகிக்கிறேன். இதக் குழுவுல சொல்லிராதீங்க. வீட்டுல தெரிஞ்சா லேப்டாப்பப் பூட்டி வச்சிருவாக."

லாமியா இரண்டாம் முறை படிக்கவில்லை. முதல் முறையே போதும். கைதட்டலுக்காக வைத்ததென்று அவள் நினைத்தது ஒரு தாழ்ப்பாள். அதைக் கழற்றக் கிளப்பிவிட்டதும் அவளேதான்.

மன்னிப்புக் கேட்க "பதிலளி" பொத்தானை அழுத்தினாள். "மாரிச்செல்வி, என் தங்கமே" என்று தட்டும்போது கண் மேலே போயிற்று. பெறுநர் கட்டத்தில் குழுவின் முகவரி. தனி மடலானாலும் மாரிச்செல்வி வைத்த பதில் முகவரி அதன் கூடவே வந்திருந்தது. கீழே மாரிச்செல்வி எழுதிய அத்தனையும் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னும் ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் ஊருக்கே போயிருக்கும். லாமியா எழுதியதை அப்படியே அழித்தாள். புதிய மடல் திறந்து, மாரிச்செல்வியின் முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டி, "நீ விலகாதே. நான் பார்த்துக்கொள்கிறேன். தப்பு என்னுடையது" என்று மட்டும் அனுப்பினாள்.

இனி என்ன செய்வது? சும்மா இருந்தால் போதும். அமைப்பு மாறும், மாரிச்செல்வி தானாகப் போய்விடுவாள், பொறுப்பு மடியில் வந்து விழும். யாரும் லாமியாவைக் குறை சொல்லப்போவதில்லை. அந்த நினைப்பு எவ்வளவு ருசியாக இருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மணியடித்தது. வகுப்புக்குப் போகாமல் குழுவுக்கு எழுத உட்கார்ந்தாள்.

"எல்லோருக்கும், குறிப்பாக பாக்கர் காக்காவுக்கு: என் மடலுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மாரிச்செல்வி பதில் முகவரியைக் குழுவுக்கு வைத்திருப்பதற்குச் சரியான காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். யாரும் அவரிடம் கேட்கவும் வேண்டாம். குழுவின் அமைப்பை மாற்றாதீர்கள். ஒருங்கிணைப்பாளராக அவர் பெயரை முன்மொழிகிறேன். நான் கைவிட்ட பல சொற்களை எடுத்து முடித்தது அவர்தான். பொறாமையோடுதான் சொல்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்."

அனுப்புமுன் பெறுநர் கட்டத்தை விரல் வைத்துப் பார்த்தாள். குழுவின் முகவரிதான். அனுப்பினாள்.

பாக்கர் காக்கா உடனே கூப்பிட்டார்.

"ஏம்மா, கைக்கு வந்ததத் தூக்கிக் குடுத்துட்டு என்னம்மா பண்ணப் போற?"

"வயிறெரியப் போறேன் காக்கா. அது என் பாடு. நீங்க அமைப்ப மாத்தாதீங்க."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மாற்றவும் இல்லை. வியாழக்கிழமை மாரிச்செல்வியின் பெயரை அறிவித்தார். அவள் ஏற்புரை எழுத, வாழ்த்துகள் குழுவுக்கே வரிசையாக வந்து விழுந்தன. லாமியா ஒவ்வொன்றையும் திறந்து படித்தாள். ஒவ்வொன்றும் சுருக்கென்றது. முன்னைவிடக் குறைவாக என்று சொன்னால் அது பொய்.

அவற்றின் நடுவே தெரியாத முகவரியிலிருந்து ஒரு மடல் கிடந்தது. வேண்டாத விளம்பரம் என்று நினைத்துக்கொண்டே திறந்தாள்.

"அக்கா, நான் மாரிச்செல்வி. இது என்னோட சொந்த முகவரி, வீட்டு ஆளுக தவிர யாருக்கும் தெரியாது. அட்டவணையில கொண்டலுக்கு நேரா உங்க பேர் போட்டிருக்கேன், பாருங்க. இனிமே எங்கிட்ட எது பேசணும்னாலும் இங்கன எழுதுங்க. வையணும்னாலும் சரிதான்."

லாமியா "பதிலளி" பொத்தானை அழுத்திவிட்டுப் பெறுநர் கட்டத்தைப் பார்த்தாள். குழு இல்லை. மாரிச்செல்வி மட்டும் இருந்தாள்.