ஏ.பி.எஸ். போதும்

குன்னூர்க்காரர்களுக்குக் குளிர் என்றால் பயம், வெயில் என்றால் செல்லம். மேகம் விலகி ஒரு மணி நேரம் வெயில் அடித்தால் போதும், கம்பளியையும் தலையணையையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே தாங்களும் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த வெயிலால் ஒரு பொருள் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். சுஜாதாவும் சிரித்தாள். அவள் சிரித்ததற்கு வேறொருத்தி இடுப்பொடிந்து படுத்தாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சுஜாதா கோயமுத்தூர்க்காரி. டிப்ளமோ முடித்த கையோடு குன்னூருக்கு வந்து ஆறுக்குட்டியின் கம்பெனியில் சால்டரிங் மேசையில் வந்து உட்கார்ந்தவள், பதினெட்டு வருஷத்தில் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைமை ஆகியிருந்தாள். அவள் கையெழுத்து இல்லாமல் அந்த ஷெட்டை விட்டு ஒரு பெட்டியும் வெளியே போகாது. புருஷன் விட்டுப் போன பிறகு அவளுக்கு ஊரில் மிச்சமிருந்த மரியாதை அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

கம்பெனி செய்வது காட்டுமாட்டு அலாரம். தேயிலைத் தோட்டத்தில் மாடு இறங்கும் தடத்தில் கம்பம் நட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிக்கோட்டைக் குறுக்கே விடுவார்கள். மாடு கோட்டை மறித்தால் கம்பத்தில் இருக்கும் சைரன் அலறும். சைரனும் போர்டும் கம்பத்து மேலே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். மேல்கரை எஸ்டேட்காரர்கள் பன்னிரண்டு பெட்டி கேட்டபோது இரண்டே நிபந்தனை போட்டார்கள். மாடு முட்டிக் கம்பம் சாய்ந்தாலும் பெட்டி உடையக் கூடாது. பெட்டியின் ஆரஞ்சு நிறம் மங்கக் கூடாது. மஞ்சு மூடிய காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அந்த ஆரஞ்சைப் பார்த்துத்தான் மாட்டுத் தடம் எங்கே என்று தெரிந்துகொள்வார்கள்.

பெட்டியை வடிவமைத்தவன் டெனின், கூடலூர் மலையாளிப் பையன், இருபத்தாறு வயது. அவன் ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தான். கோயமுத்தூரில் பெட்டி வார்த்துக் கொடுக்கிறவரிடம் ஏ.பி.எஸ். என்ற வேறு பிளாஸ்டிக் ஆரஞ்சு நிறத்தில் தயாராக இருந்தது. அதே நிறத்தில் ஏ.எஸ்.ஏ. வேண்டுமென்றால் நாலைந்து மாதம் ஆகும், அதற்குள் மழை வந்துவிடும். அச்சு ஒன்றுதான், எதை ஊற்றினாலும் அதே பெட்டி வரும். பிறகு எதற்கு இந்தப் பிடிவாதம் என்று சுஜாதாவுக்கு எரிச்சல்.

டெனின் பொறுமையாகத்தான் விளக்கினான். இரண்டும் ஒரே குடும்பம். உள்ளே பொடிப்பொடியாகக் கலந்திருக்கும் ரப்பர்தான் இரண்டுக்கும் உறுதி தருகிறது. ஏ.பி.எஸ்ஸில் இருக்கும் ரப்பரை வெயிலின் புற ஊதாக் கதிர் தின்றுவிடும். மேல்தோல் வெளுக்கும், மாவாக உதிரும், அங்கே கிளம்பும் நுண்ணிய வெடிப்பு உள்ளே ஓடும். ஏ.எஸ்.ஏ.வின் ரப்பர் வேறு ரகம், அந்தக் கதிரைத் தாங்கும். ஆறாயிரம் அடிக்கு மேலே, குளிர் காற்றில் நமக்கு உறைக்காவிட்டாலும், அந்தக் கதிர் கோயமுத்தூரை விட இங்கேதான் கடுமை. இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சுஜாதா சிரித்தது.

அவள் பயம் உறைபனி. ஜனவரியில் லவ்டேல் பக்கம் பனி உறையும் ஒரு பள்ளத்தில், ஏ.பி.எஸ்ஸில் பத்து, நிறம் சேர்க்காத ஏ.எஸ்.ஏ.வில் பத்து எனப் பெட்டிகளை ராத்திரி முழுக்கப் புல்லில் வைத்தாள். விடிந்ததும் வெள்ளை படிந்த பெட்டிகளைக் கம்பத்து உயரத்திலிருந்து பாறைமேல் போடச் சொன்னாள். ஏ.பி.எஸ்ஸில் ஒன்றுகூட உடையவில்லை. ஏ.எஸ்.ஏ.வில் இரண்டுக்கு மூலை விரிந்தது. பரிசோதனையில் பொய் இல்லை. கடுங்குளிரில், புதிதாக இருக்கும்போது, ஏ.பி.எஸ். ஒரு படி கெட்டிதான்.

அதோடு விட்டிருக்கலாம். டீ நேரத்தில் ஷெட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, உடைந்த சில்லுகளைத் தரையில் கொட்டி, டெனினையே குனிந்து பொறுக்கச் சொன்னாள்.

“இதுதானுங்க இஞ்சினியர் சாரோட ஒசந்த சரக்கு” என்றாள்.

ஆட்கள் சிரித்தார்கள். டெனின் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்: “புதுப் பெட்டியைத்தானே சேச்சி போட்டுப் பாத்தது. ரெண்டு வருஷம் வெயில்ல நின்ன பெட்டியைப் போட்டுப் பாக்கணும்.”

குன்னூரில் வெயிலுக்குப் பரிசோதனையா தம்பி என்று முதலாளி ஆறுக்குட்டி கேட்க, சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. சுஜாதா காகிதத்தில் ‘ஏ.பி.எஸ். போதும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாய் நீளம் என்று டெனினைக் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பி, பெட்டி மாட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு பெட்டியையும் அவன் கையாலேயே மாட்டினான்.

ஒரு வருஷம் கழித்துப் பெட்டிகள் வெளுக்கின்றன என்று அவன் படம் அனுப்பினான். துணியால் துடை என்று பதில் போட்டாள். இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில், மஞ்சு இறங்கிய ஒரு காலையில், பேச்சியம்மா என்ற கொழுந்துக்காரி தடத்துக்கு வந்துவிட்டது தெரியாமலே வெளுத்த ஒரு பெட்டியைக் கடந்து போனாள். பெட்டிக்குள் மழைத் தண்ணீர் புகுந்து போர்டு செத்திருந்தது. சைரன் அலறவில்லை. காட்டுமாடு அவளை இடுப்பில் குத்தித் தூக்கி வாய்க்காலில் போட்டது. உயிர் தப்பியது. இனி நடக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

எஸ்டேட்டில் விசாரணை வைத்த அன்று, கூட்டத்துக்கு முன்னால் சுஜாதா மட்டும் தடத்தைப் பார்க்க ஏறினாள். வெயில் விழும் சரிவில் ஒன்பது பெட்டி. தொட்டால் விரலில் வெள்ளை மாவு ஒட்டியது. ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூத் துளையைச் சுற்றி வெடிப்பு. ஒன்றின் மூலையை நகத்தால் அழுத்தினாள், அப்பளம் மாதிரி நொறுங்கியது. மீதி மூன்று சவுக்கு மர நிழலில் இருந்தன. அவை மட்டும் அன்றைக்கு மாட்டிய ஆரஞ்சிலேயே இருந்தன. ஒரு கீறல் கிடையாது. மாட்டியது அதே கை, முறுக்கியது அதே ஸ்க்ரூ டிரைவர். குளிரும் மழையும் பன்னிரண்டுக்கும் ஒன்றுதான். வெயில் ஒன்றுதான் வேறு. டெனின் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி என்று அந்த இடத்திலேயே அவளுக்கு முழுசாக விளங்கிவிட்டது.

கீழே ஜீப் பக்கத்தில் ஆறுக்குட்டி காத்திருந்தார். அவர் குரலை உயர்த்தாத மனுஷர்.

“வெடிப்பு ஸ்க்ரூப் பக்கத்துலதானுங்களே?”

“ஆமாங்க சார்.”

“மாட்டுனது ஆருங்க?”

அவள் விரலில் ஒட்டிய வெள்ளை மாவைப் புடவையில் துடைத்தாள்.

“பிளாஸ்டிக் தப்புன்னா காயிதத்துல உங்க கையெழுத்து இருக்குதுங்க. ஸ்க்ரூ தப்புன்னா இல்லை. ரோசனை பண்ணிக்கங்க.”

ரோசனை பண்ண அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. ஜீப்பில் வந்த கம்பெனி ஆட்களை அனுப்பி, நிழலில் இருந்ததையும் சேர்த்துப் பன்னிரண்டு பெட்டியையும் கழற்றச் சொல்லி, கோணிச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றினாள். மாதிரிக்கு வெடித்த இரண்டை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, தொழிலாளர்கள் கூடியிருந்த, காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகைக்குப் போனாள்.

“பிளாஸ்டிக்ல குறை இல்லைங்க. மாட்டுன டெனின்தானுங்க ஸ்க்ரூவ அளவுக்கு மீறி முறுக்கிப்போட்டாருங்க. அதான் துளையில இருந்து வெடிச்சிருக்குது” என்று துளையைக் காட்டினாள். வெடிப்பு அங்கேதான் இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த டெனின் எழுந்தான். “மரத்தடியில இருக்கற மூணு பெட்டியைப் பாத்தீங்களா சேச்சி? அதையும் நான்தானே முறுக்கியது.”

எஸ்டேட் அதிகாரி சுஜாதாவைப் பார்த்தார். பார்த்தீர்களா என்று கேட்டார்.

“எல்லாத்தையும் பாத்தேனுங்க. எல்லாமே இப்படித்தான் இருக்குதுங்க” என்றாள்.

பேச்சியம்மாவின் மகன் வேலன் வரிசையிலிருந்து வந்து டெனின் முகத்தில் காறித் துப்பினான். யாரும் தடுக்கவில்லை. டெனின் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, சுஜாதாவையே பார்த்துக்கொண்டு நின்றான். போலீசுக்குப் போகாமல் இருப்பதற்காகத் தவறு என்னுடையதுதான் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்த காகிதத்தின் வாசகம் சுஜாதாவுடையது.

எஸ்டேட் பன்னிரண்டு புதுப் பெட்டி கேட்டது, உடனே வேண்டும் என்றது. மறுவாரம் சுஜாதா மூலப்பொருள் படிவத்தை எடுத்து ஏ.எஸ்.ஏ. என்று எழுதினாள். இதையாவது சரியாகச் செய்துவிட்டால் தூக்கம் வரும் என்று நினைத்தாள். ஆறுக்குட்டி படிவத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“பிளாஸ்டிக்ல குறை இல்லைன்னு அத்தன பேருக்கு முன்னால சொன்னீங்க. இப்ப மாத்துனா எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?”

அப்படியானால் வெயில் தாங்கும் பெயிண்டாவது மேலே அடித்துவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். போன தடவை இல்லாத பெயிண்ட் இந்தத் தடவை எதற்கு என்று அவர் மெதுவாகவே கேட்டார். அவருக்கும் எல்லாம் தெரியும் என்பது அந்த மெதுவிலேயே அவளுக்குப் புரிந்தது. படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டு, புதுசு ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்து கையிலும் கொடுத்தார்.

அப்போது அவள் போன் அடித்தது. வேலன் பேசினான். எஸ்டேட் வேலைப் பட்டியலில் அம்மாவின் பேரை எடுத்துவிட்டு அவன் மனைவி செல்வியின் பேரைச் சேர்த்திருக்கிறார்களாம், திங்கட்கிழமையிலிருந்து அதே மலைக்குத்தான் கொழுந்துக்குப் போகிறாளாம். பெட்டி எப்போது வரும் என்று கேட்டான்.

“இந்தத் தடவை நீங்களே பார்த்து அனுப்புங்க மேடம். ஒங்களாலதான் அன்னைக்கு உண்மை வெளிய வந்துச்சு. செல்விகிட்ட சொல்லிட்டேன், அந்த மேடம் பார்த்த பெட்டின்னா பயப்படாமப் போன்னு.”

சரி என்று சொல்லி அவள் போனை வைத்தாள். முதல் வருஷம் பெட்டிகள் பளிச்சென்று இருக்கும் என்று சுஜாதாவுக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் என்ன ஆகும் என்பதும் இப்போது தெரியும். அவள் ஏ.பி.எஸ். என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.